கலவை அட்டவணையில் மணலின் ஈரத்தை எப்படி எழுதுவது?

சிவில் இறுதியாண்டு நண்பர்களே, அண்ணன்மார்களே, செய்முறை அத்தியாயத்தில் ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

எங்கள் குழு முதலில் சீனியர்களின் ரிப்போர்ட்டைப் பார்த்து அதே கான்கிரீட்டைப் போட்டது. ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 380 கிலோ, தண்ணீர் 171 லிட்டர், எம்-சாண்ட் 700 கிலோ. அவர்களுக்கு ஸ்லம்ப் 80 மிமீ, எங்களுக்கு 30. கரண்டியால் குத்தினால்கூட கலவை அசையவில்லை. அப்புறம்தான் காரணம் புரிந்தது. எங்கள் மணல் வெயிலில் நன்றாகக் காய்ந்து கிடந்தது. அது உறிஞ்சும் நீர் 3% என்றால் சுமார் 21 லிட்டரை மணலே குடித்துவிடும். 0.45 என்று எழுதிய நீர்-சிமென்ட் விகிதம் உண்மையில் 0.39 பக்கம் இறங்கிவிடுகிறது. ரிப்போர்ட்டில் மணலின் ஈரம் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம். அதனால் உள்துளை நிறைந்து மேற்பரப்பு உலர்ந்த நிலைக்கான எடைகளை ஓர் அட்டவணையாகவும், ஒவ்வொரு வார்ப்பு நாளிலும் அளந்த ஈரம், திருத்திய பிறகு உண்மையில் தராசில் நிறுத்த எடைகள் இரண்டையும் இன்னொன்றாகவும் தர நினைக்கிறேன். வழிகாட்டி ஒரே அட்டவணை போதும் என்கிறார்.

இரண்டாவதைப் பின்னிணைப்பில் வைத்தால் யாராவது பார்ப்பார்களா? காலையில் எடுத்த ஈர அளவு மதிய வார்ப்புக்குச் செல்லுமா, இல்லை ஒவ்வொரு கலவைக்கும் எடுக்க வேண்டுமா? இப்படி எழுதியவர்கள் உங்கள் அட்டவணையின் படத்தைப் போட்டால் பெரிய உதவி.