'ஆதாயத் தொடர்பு' சரியா, 'சார்புத் தொடர்பு' சரியா?

கதிரவன், புதுச்சேரி:
அன்பர்களுக்கு வணக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றிய 2022 ஜூன் வழிகாட்டுதல்களைத் தமிழாக்கி வருகிறேன். பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதை விற்பவருக்கும் இடையே இருந்து, பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய, அதனால் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டிய உறவுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. 'பொருள்சார் தொடர்பு' என்றால் வாசகர் பண்டத்தை நினைப்பார். எனவே 'ஆதாயத் தொடர்பு' என முன்மொழிகிறேன்.

செந்தில், கடலூர்:
பணம் கைமாறினால்தானே தெரிவிக்கும் கடமை வருகிறது? 'கட்டணப் பரிந்துரை' போதுமே. 'விளம்பரம்' என்று போட்டுவிட்டால் பொறுப்பும் தீர்ந்தது.

கதிரவன்:
பணம் பெற்றால் தெரிவிக்க வேண்டும் என்பது சரி, மற்றவை சரியல்ல. லாஸ்பேட்டையில் ஒருவருக்குக் கூந்தல் எண்ணெய் இலவசமாக வருகிறது, அவரும் '15 நாளில் முடி உதிர்வு நிற்கும்' என்று காணொளி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசு வாங்காவிட்டாலும் இலவசப் பொருளே தெரிவிக்க வேண்டிய தொடர்புதான். 2023 ஜனவரி விளக்கத்தின்படி காணொளியில் அதைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பது செல்லாது.

இவ்வளவும் செய்தாலும், அந்த 15 நாள் பேச்சு பொய்யென்றால் அது தனிக் குற்றச்சாட்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் உண்டு. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடையும் விதிக்கலாம். உரிய கவனத்துடன் உண்மையைச் சரிபார்த்திருந்தால் தப்பலாம். ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன் என்று காட்டுவதும், 'கம்பெனி அனுப்பிய வாசகத்தைத்தான் படித்தேன்' என்பதும் ஒன்றல்ல.

மங்கை, நெல்லித்தோப்பு:
எனக்கு ஓர் ஐயம். என் அண்ணனின் புடவைக் கடையைப் பற்றி அடிக்கடி ரீல்ஸ் போடுகிறேன். ஒரு புடவைகூட இலவசமாக வாங்கியதில்லை. வரி கட்ட வேண்டுமோ?

கதிரவன்:
அம்மா, இங்கே பேசுவது வரியைப் பற்றியன்று. ஆனால் நீங்கள் என் சொல்லையே ஆட்டிவிட்டீர்கள். தெரிவிக்க வேண்டிய தொடர்புகளின் பட்டியலில் குடும்ப உறவும் இருக்கிறது. ஆதாயமே இல்லாத இடத்தில் 'ஆதாயத் தொடர்பு' எப்படிப் பொருந்தும்? 'சார்புத் தொடர்பு' என்று மாற்றலாமா?

செந்தில்:
பணம் கைமாறினால்தான் கடமை என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் 'சார்பு' என்றால் ஒருதலைப்பட்சம் என்ற பழி ஒட்டிக்கொள்ளும். தொடர்பு இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். சொல்லே குற்றம் சாட்டக் கூடாது.

மங்கை:
திரையில் 'இது என் அண்ணன் கடை' என்று எழுதிவிடுகிறேன், ஐயா.

கதிரவன்:
எழுதுங்கள், தொடக்கத்திலேயே வாயாலும் சொல்லிவிடுங்கள். வரைவில் இரு சொற்களையும் வைத்திருக்கிறேன். வேறு சொல் தோன்றுபவர்கள் அனுப்பலாம்.