பொருள்: கடனை அடைத்ததால் முதலீட்டாளருக்கு வந்த ஆதாயம் – ஒரு சொல் வேண்டும்

கயல்விழி:
அன்பர்களுக்கு வணக்கம். பெருங்கடன் வாங்கி ஒரு நிறுவனத்தைக் கையகப்படுத்துகிறார்கள். ஐந்தாண்டு கழித்து, வாங்கிய விலைக்கே விற்றாலும் லாபம் நிற்கிறது. இடையில் கடன் குறைந்திருப்பதே காரணம். இந்த லாபத்துக்குக் ‘கடனடைப்பு ஆதாயம்’ என்று எழுதலாமா?

முருகேசன்:
எனக்கு இது நன்றாகவே புரிகிறது, அம்மா. கடன் வாங்கிக் கடைக்கட்டடம் ஒன்று வாங்கினேன். வாடகையே தவணையைக் கட்டியது. கடன் முடிந்ததும் கட்டடம் முழுக்க எனக்கு. ‘கடன் தந்த லாபம்’ என்றே சொல்லிவிடலாம்.

செல்வம்:
முருகேசன் அண்ணன் சொன்ன வாடகை உவமை பொருந்துகிறது. ஆனால் லாபத்தைத் தந்தது கடன் இல்லை, வாடகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 100 கோடி டாலர்: கடன் 60, சொந்த முதல் 40. வட்டி 10%, வரி 25%. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய வருவாய் ஆண்டுக்கு 16. தேய்மானம் 4, இயந்திரச் செலவும் 4. முதலாண்டில் வட்டி 6, வரி 1.5 போனால் அடைக்க மிஞ்சுவது 4.5 கோடிதான். வட்டி குறையக் குறைய இது ஏறி, ஐந்தாம் ஆண்டில் 6 ஆகும். முடிவில் கடன் ஏறக்குறைய 34. அதே 100க்கு விற்றால் கையில் 66. நாற்பது அறுபத்தாறானது, ஆண்டுக்குச் சுமார் 10.5%.

இப்போது கடனே இல்லாமல் 100ஐயும் சொந்தமாகப் போட்டிருந்தால்? ஆண்டுக்கு 9 கோடி சேரும், ஐந்தாண்டில் 45. அது சுமார் 7.7%. ஆக, காசு எப்படியும் சேர்ந்திருக்கும். கடன் செய்தது இந்த 7.7ஐ 10.5 ஆக்கியது மட்டுமே. வரிச்சலுகை போக வட்டி 7.5%, தொழில் தந்தது 9%. இந்த இடைவெளி தலைகீழானால் கடன் ஆதாயத்தைக் குறைத்துவிடும்.

கயல்விழி:
அப்படியானால் ‘அடைப்பு’ என்பதே சரியில்லையோ? அடைக்காமல் வங்கியில் வைத்திருந்தாலும் பங்கின் மதிப்பு ஏறத்தானே செய்யும்?

செல்வம்:
ஏறும். கையிருப்புக்கு வரும் வட்டி குறைவு என்பதால் கொஞ்சம் குறைவாக ஏறும், அவ்வளவுதான். கடனிலிருந்து கையிருப்பைக் கழித்துப் பார்ப்பதுதான் முறை. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்கினால் ‘அடைப்பு’ நடக்கிறது, ஆதாயம் வருவதில்லை. அதனால் ‘நிகரக்கடன் குறைவு ஆதாயம்’ என்பது என் பரிந்துரை.

பரிமளா:
நீளம்தான், ஆனால் பிழையில்லை. ஒரு சிக்கல் மட்டும். ஹில்டன் விடுதி நிறுவனத்தை 2007இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் பெருங்கடனில் வாங்கியது. 2010இல் அதன் சுமார் 20 பில்லியன் டாலர் கடன் 16 பில்லியன் ஆனது. அதற்காகப் பிளாக்ஸ்டோன் மேலும் ஏறத்தாழ 80 கோடி டாலர் போட்டது. கடன் கொடுத்தவர்களும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து விட்டுக்கொடுத்தார்கள். நிகரக்கடன் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் தொழிலில் மிஞ்சிய காசு மட்டும் அதைக் குறைக்கவில்லையே. இதுவும் உங்கள் சொல்லுக்குள் வருமா?

செல்வம்:
புதிதாகப் போட்ட முதலைக் கழித்துவிடுவேன். தள்ளுபடியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெளிவில்லை.

கயல்விழி:
சரி, கட்டுரையில் ‘நிகரக்கடன் குறைவு ஆதாயம்’ என்றே போடுகிறேன். தள்ளுபடிக்குத் தனிச்சொல் தோன்றினால் எழுதுங்கள்.