62 பேர் வகுப்பில் எக்ஸிட் ஸ்லிப் நடக்கிற காரியமா?

கயல்
பயிற்சியில், பீரியட் முடியும்போது எல்லாரிடமும் ஒரு துண்டுச் சீட்டில் பதில் எழுதி வாங்கச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல், 62 பேர், 45 நிமிடம். இப்போது மின்னோட்டவியல் நடத்துகிறேன். இதையெல்லாம் எப்போது திருத்துவது? யாராவது நிஜமாகவே செய்கிறீர்களா?

பாலாறு
செய்யாதீர்கள் டீச்சர். நான் 60 பேருக்குக் குறையாத வகுப்புகளில்தான் காலம் தள்ளியிருக்கிறேன். சீட்டு கொடுக்க, எழுத, வாங்க என்று பத்து நிமிடம் போய்விடும். கடைசி பீரியட் என்றால் மணி அடித்ததும் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். அதோடு பக்கத்தில் இருப்பவன் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். சனிக்கிழமை ஸ்லிப் டெஸ்ட் வைத்தால் போதும், யாருக்கு என்ன தெரியும் என்பது வந்துவிடும்.

சுண்ணக்கட்டி
திருத்தக் கூடாது கயல். அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி, ஒரு வரியில் பதில். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சரி, தவறு, புரியவில்லை என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஒரு சீட்டுக்கு ஆறேழு விநாடி வைத்தாலும் 62 சீட்டு ஏழு நிமிடத்தில் முடியும். சிவப்பு மையைத் தொடவே வேண்டாம். மார்க் போட்ட அன்றே பிள்ளைகள் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சீட்டு மார்க் ரெக்கார்டுக்குப் போகிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

தாளுக்கு நோட்டைக் கிழிக்க விடாதீர்கள், வீட்டிலிருந்து புகார் வரும். ஒரு பக்கம் எழுதிய பழைய ஏ4 தாளை எட்டாக மடித்து வெட்டினால் எட்டுத் தாளில் வகுப்புக்கே போதும். 38ஆவது நிமிடத்தில் பாடத்தை நிறுத்துங்கள். 40க்கு மேல் போனால் பாலாறு சார் சொல்வதுதான் நடக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், சீட்டைவிட முக்கியம் பாடத்தின் நடுவில் கேட்கிற கேள்வி. தொடரிணைப்பு நடத்தி முடித்ததும் இதைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

6 வோல்ட் மின்கலம். 2 ஓம், 4 ஓம் மின்தடைகள் தொடரிணைப்பில். 4 ஓம் வழியே எவ்வளவு மின்னோட்டம்?
ஒரு விரல்: 1 ஆம்பியர். இரண்டு விரல்: 1.5. மூன்று விரல்: 4.5.

ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு கண்ணை மூடி, நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும், அப்போது பார்த்துக் காட்ட வழியில்லை. 1.5 என்பவர் 6 வோல்ட் முழுவதையும் அந்த ஒரு மின்தடைக்கே கொடுத்துவிட்டார். 4.5 என்பவர் பக்க இணைப்போடு குழப்பிக்கொண்டார். எதை மறுபடி சொல்ல வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பு அப்பா
தினமும் டெஸ்ட் என்றால் பிள்ளைகள் பாவம் இல்லையா? என் மகள் பள்ளியில் தினசரி டெஸ்ட் வைத்து, மார்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். மார்க் குறைந்தால் அன்று அவள் சாப்பிடுவதே இல்லை.

சுண்ணக்கட்டி
அப்பா, நீங்கள் சொல்வது வேறு. அது கண்டிப்பாகத் தவறு, பள்ளியில் போய்ப் பேசுங்கள். இங்கே மார்க்கே கிடையாது. பெயரைக்கூடச் சீட்டின் பின்பக்கம்தான் எழுத வைப்பேன்.

பாலாறு
விரல் யோசனை சரி, நேரமும் தின்னாது. ஆனால் கேள்வி சரியில்லை டீச்சர். இரண்டு மின்தடையையும் கூட்டி, 6ஐ 6ஆல் வகுத்தால் 1 வந்துவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் ஒரு விரல் காட்டுவான், உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று தோன்றும். மின்னோட்டம் முதல் பல்பிலேயே கொஞ்சம் செலவாகிவிடுகிறது என்று நம்புகிற பையனும் அதே ஒரு விரலைத்தான் காட்டுவான்.

சுண்ணக்கட்டி
ஒப்புக்கொள்கிறேன் சார். அதனால்தான் சீட்டில் கணக்கே போட வேண்டாத கேள்வி கேட்பேன். ஒரு பேட்டரி, ஒரு பல்பு. பல்புக்கு முன்னால் அம்மீட்டர் வைத்தால் 0.2 ஆம்பியர் காட்டுகிறது. அதையே எடுத்துப் பல்புக்குப் பின்னால் வைத்தால் குறையுமா, கூடுமா, அதேதானா? காரணம் ஒரு வரி. இதற்குச் சூத்திரம் உதவாது.

விரல் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களில் பரப்பிய வழி எனக்குப் பல வருடமாகக் கைகொடுக்கிறது. 30 சதவீதத்துக்கும் கீழே சரி என்றால் திரும்ப நடத்து. 70க்கு மேல் என்றால் அடுத்ததற்குப் போ. நடுவில் இருந்தால் நீ பேசாதே, பக்கத்தில் வேறு பதில் சொன்னவனோடு இரண்டு நிமிடம் பேச விட்டு மறுபடி விரல் கேள். கயல் வகுப்பில் 19 பேர் முதல் 43 பேர் வரை சரி என்றால் அந்த நடுப்பகுதி.

கயல்
இரண்டையும் செய்தேன். விரல் கேள்வியில் முக்கால்வாசிப் பேர் ஒரு விரல். மகிழ்ச்சியாக இருந்தது. சீட்டை அடுக்கினால் பாதிக்கு மேல் ‘குறையும்’. ஒரு சீட்டில், ‘பல்பு எரியக் கொஞ்சம் கரண்ட் வேண்டும், மீதிதான் அந்தப் பக்கம் போகும்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். விரல் கேள்விக்குச் சரியாகச் சொன்ன பெண். நாளைக்கு என்ன செய்வது? லேபில் இரண்டு அம்மீட்டர் இருக்கிறது, முன்னும் பின்னும் வைத்துக் காட்டலாமா?

சுண்ணக்கட்டி
இரண்டும் வேண்டாம்! பழைய மீட்டர்கள் ஒன்றுபோல் காட்டாது. ஒன்றின் ஊசி கொஞ்சம் தள்ளி நின்றால், ‘பாருங்க டீச்சர், குறையுது’ என்பார்கள். அப்புறம் அதை மாற்றவே முடியாது. ஒரே மீட்டரை முதலில் முன்னால், பிறகு பின்னால் வையுங்கள். ஊசி பூச்சியத்தில் நிற்காவிட்டாலும் இரண்டு இடத்திலும் அதே பிழைதான். முதலில் என்ன காட்டும் என்று விரலால் சொல்ல வையுங்கள், பிறகு இணைப்பைக் கொடுங்கள். அந்தப் பெண் எழுதியதில் பாதி சரி என்பதையும் சொல்லுங்கள். பல்பில் ஏதோ செலவாகத்தான் செய்கிறது. அது ஆற்றல், மின்னோட்டம் அல்ல.

பாலாறு
நல்லது. ஆனால் நடத்திய கையோடு கேட்டால் காதில் நிற்கிற சத்தத்தைத்தான் எழுதுவார்கள். நாளைக்கு மீட்டரைப் பார்த்துவிட்டு எல்லாரும் ‘அதே’ என்பார்கள். பத்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு பல்பு வைத்த படத்தோடு கேளுங்கள். அப்போது வந்தால்தான் நான் நம்புவேன். என் சனிக்கிழமை டெஸ்டை நான் விடாததற்கும் அதுதான் காரணம்.

சுண்ணக்கட்டி
பத்து நாள் கழித்துக் கேட்பது சரி, நானும் பீரியட் தொடக்கத்தில் கேட்பதுண்டு. ஆனால் சனிக்கிழமை வரை காத்திருந்தால் அதற்குள் பக்க இணைப்பு, ஜூல் வெப்ப விதி எல்லாம் இந்தத் தவறான எண்ணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும் சார்.

பாலாறு
தினமும் 62 சீட்டு என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. அவரவருக்கு ஆறு வகுப்பு இருக்கிறது.

சுண்ணக்கட்டி
தினமும் யார் சொன்னது? வாரத்தில் இரண்டு, அதுவும் தடுமாறுகிற இடத்தில் மட்டும். மற்ற நாளில் விரல் போதும். பெஞ்சுக்கு ஒருவரிடம் மட்டும் சீட்டு வாங்குகிறவர்களும் உண்டு. பேசாமலே இருக்கிற பிள்ளை அதில் தப்பிவிடும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

கயல்
கடைசி பெஞ்சில் நான்கு சீட்டு வெற்றாக வந்தது. அதை ‘புரியவில்லை’ கட்டில் வைத்துவிட்டேன்.

பாலாறு
அந்த நான்கு பேரையும் தனியாகக் கூப்பிட்டு வாயால் கேளுங்கள். எழுத வராமல் வெற்றாகக் கொடுத்திருப்பார்கள். அடுத்த முறை சீட்டில் படத்தைப் போட்டுக் கொடுத்து, எங்கே அதிகமோ அங்கே ஒரு டிக் மட்டும் போடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒன்று என்றால் இரண்டிலும் டிக்.