16 ஜிபி ரேமா, வேகமான எஸ்எஸ்டியா? தம்பிக்கு லேப்டாப்

கயல்: தம்பி கணினி அறிவியல் முதலாம் ஆண்டு சேர்கிறான். கடைசியில் இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறோம். ஒன்றில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி ஜென்3 எஸ்எஸ்டி. இன்னொன்றில் 8 ஜிபி ரேம், அதே 512 ஜிபி, ஆனால் ஜென்4. பிராசஸர், விலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட்டுவான், பிரவுசரில் எப்போதும் நிறைய டேப் திறந்திருக்கும். எதை எடுக்கலாம்?

மாறன்: ஜென்4 எடுங்கள். ரேம் நிறைந்தால் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி வைத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி வேகமாக இருந்தால் 8 ஜிபியே போதும்.

செந்தில்: எழுதி வைக்கும் என்பது சரி மாறன், போதும் என்பதுதான் இடிக்கிறது. விளம்பரத்தில் வரும் நொடிக்கு 7000 எம்பி என்பது பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். ரேம் போதாதபோது விண்டோஸ் அங்கும் இங்குமாகச் சின்னச் சின்ன துண்டுகளைத்தான் எடுக்கும். அதில் ஜென்3-க்கும் ஜென்4-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டுமே ரேமை விடப் பல நூறு மடங்கு தாமதம்.

கயல், உங்கள் தம்பியின் வேலையையே கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து சுமார் 5 ஜிபி, ஸ்டுடியோவும் கிரேடிலும் 3, எமுலேட்டர் 2. பத்து வந்துவிட்டது. 8 ஜிபியில் கிராபிக்ஸும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். எமுலேட்டரைத் திறந்ததும் தட்டச்சு செய்வது திக்கும், பழைய டேபுக்குத் திரும்பினால் பக்கம் மறுபடி லோடு ஆகும்.

வள்ளி: என் 256 ஜிபி சீக்கிரமே நிறைந்துவிட்டது. 1 டிபி உள்ளதாக வாங்குங்கள்!

செந்தில்: வள்ளி, அவர் கேட்பது கொள்ளளவு இல்லை, வேகம். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. எம்.2 எஸ்எஸ்டியைப் பெரும்பாலான லேப்டாப்களில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ரேம் போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் மாற்றவே முடியாது. அதனால் 16-ஐ எடுங்கள். அதில் இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

கயல்: 8 ஜிபியில் காலி ஸ்லாட் இருந்தால்?

செந்தில்: அப்போது கதையே வேறு. இன்னொரு 8 ஜிபி போட்டால் அது முந்திவிடும். கடையில் டெமோ மெஷினில் Task Manager திறந்து Performance, Memory பாருங்கள். Form factor என்ற இடத்தில் Row of chips என்றிருந்தால் சால்டர், SODIMM என்றிருந்தால் கழற்றலாம்.

கயல்: பார்த்தேன் அண்ணா, 8 ஜிபியில் Row of chips. ஆனால் தனியாக ஒரு ஸ்லாட்டும் இருக்கிறது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார்.

செந்தில்: அப்படிப்பட்ட மாடல்களும் உண்டு, அந்தத் திரையை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பார்க்கும் வரை பணம் கட்டாதீர்கள்.

மாறன்: மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.