கோ-லைவுக்கு 5 வாரம், சேஞ்ச் ரிக்வெஸ்ட் 38: கமிட்டி எல்லாவற்றுக்கும் சரி என்கிறது

பீன்யா_பிஎம்: அவசரம். ஈஆர்பி போட்டுக்கொண்டிருக்கிறோம். ஸ்டியரிங் கமிட்டியில் எந்த ரிக்வெஸ்டை வைத்தாலும் “செய்துடுங்க, ஆனா தேதி மாறக்கூடாது” என்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

செம்பூர்க்காரி: ஃபிக்ஸட் பிரைஸா, நாள் கணக்கா? யூஏடி ஆரம்பித்தாயிற்றா? கமிட்டிக்குத் தலைமை யார்?

மூத்தவன்98: புளூபிரிண்டில் கையெழுத்து வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். இதெல்லாம் பால பாடம் தம்பி. இன்றைக்கே ஃப்ரீஸ் போடு, ஒன்றும் உள்ளே வரக்கூடாது.

கணக்குப்பிள்ளை: எங்கள் கம்பெனியிலும் இதே கதை. பழைய எக்ஸெலில் இருந்த 14 ரிப்போர்ட்டும் அப்படியே வேண்டுமென்று அடம்பிடித்தார்கள். கடைசியில் தினமும் திறந்து பார்த்தது மூன்றைத்தான்.

பீன்யா_பிஎம்: ஃபிக்ஸட் பிரைஸ். யூஏடி பாதியில். தலைமை எம்டி. சேல்ஸ் ஹெட் கன்சல்டன்டுக்கே நேராக போன் போட்டுவிடுகிறார்.

ஒயிட்ஃபீல்டு_அண்ணாச்சி: முதலில் அந்த போனை நிறுத்துங்கள், சேஞ்ச் லாகில் எண் இல்லாத வேலையைத் தொடக்கூடாது என்று கன்சல்டன்டிடம் எம்டி வாயாலேயே சொல்ல வையுங்கள். அடுத்தது, கமிட்டிக்கு வெறும் பட்டியல் கொண்டுபோனால் “சரி”தான் வரும். ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கிரெடிட் லிமிட் தாண்டினால் ஆர்டர் நிற்க வேண்டும் என்று கேட்டிருப்பார்களே, டெவலப்பர் 3 நாள் என்பார். ஆனால் ஆர்டர், டெலிவரி, பில், இ-இன்வாய்ஸ் வரை மறுபடி ஓட்டிப் பார்க்க 4 நாள், ஆத்தரைசேஷனுக்கும் பயிற்சிக்கும் 1 நாள், ஆக 8. அந்த 4 நாளும் சேல்ஸின் கீ யூசர் இருவருடையது. மீதி யூஏடியை முடிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். டெவலப்பர் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், கீ யூசரை எங்கே போய் வாங்குவது? ஆகவே ஒவ்வொன்றின் பக்கத்திலும் “இது வந்தால் எது போகும்” என்று ஒரு கட்டம் போட்டு, எம்டியையே நிரப்பச் சொல்லுங்கள்.

மூத்தவன்98: எதற்கு இவ்வளவு? ஃப்ரீஸ் என்றால் ஃப்ரீஸ்.

செம்பூர்க்காரி: ஜாப் வொர்க் சலான் விட்டுப்போயிருந்தால்? வெளியே அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லையென்றால் ஜிஎஸ்டியில் சப்ளை ஆகிவிடும். அதையுமா ஃப்ரீஸ் செய்வீர்கள்?

மூத்தவன்98: புளூபிரிண்டில் எழுதியிருந்தால் அது சேஞ்சே இல்லை, பக். வெண்டர் காசில்லாமல் சரிசெய்யணும்.

செம்பூர்க்காரி: “சட்டத் தேவைகள் அனைத்தும்” என்று ஒரே வரி எழுதிவைத்திருப்பார்கள். அதை பக் என்று எந்த வெண்டர் ஒப்புக்கொள்வான்?

மூத்தவன்98: ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தால் ஒப்புக்கொள்வான்.

கணக்குப்பிள்ளை: சண்டை இருக்கட்டும், மாஸ்டர் டேட்டா யார் பார்க்கிறார்கள்? நாங்கள் வழுக்கியது அங்கேதான்.

பீன்யா_பிஎம்: திங்கள் மீட்டிங் முடிந்தது. அந்தக் கட்டம் வேலை செய்தது. 6 பக் என்று பிரித்தோம், 23 கோ-லைவுக்கு அப்புறம், 9 உள்ளே. கிரெடிட் லிமிட்டும் உள்ளேதான். அதற்குப் பதில் எதை எடுப்பது என்ற கட்டத்தை மட்டும் எம்டி காலியாக விட்டுவிட்டார். சலானுக்கு யார் காசு கொடுப்பது என்று இன்னும் இழுபறி. நன்றி அண்ணாச்சி, யூஏடி ரூமில் கூப்பிடுகிறார்கள்.