பெண் எழுத்தறிவும் குழந்தை எண்ணிக்கையும்: ப்ராஜெக்டில் ரிக்ரஷன் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொருளியல் மாணவி
எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு டெல்லியையும் சேர்த்து 20 பெரிய மாநிலங்களை எடுத்தேன். பெண் எழுத்தறிவு 2011 சென்சஸிலிருந்து. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்ற கருவள விகிதம் அதே ஆண்டின் எஸ்.ஆர்.எஸ். அறிக்கையிலிருந்து. எக்செலில் B பத்தி எழுத்தறிவு, C பத்தி கருவளம்:

```
=SLOPE(C2:C21,B2:B21)
=RSQ(C2:C21,B2:B21)
```

சாய்வு -0.041, ஆர்-ஸ்கொயர் 0.49. "0.041 குழந்தை" என்று எழுதினால் யார் மனதிலும் பதியாது. அதனால், எழுத்தறிவில் 24 புள்ளி வித்தியாசம் உள்ள இரண்டு மாநிலங்களுக்கு இடையே சராசரியாக ஒரு குழந்தை வித்தியாசம் என்று எழுதினேன்.

வைவாவுக்கு வந்தவர், "பாதியைத்தானே விளக்கியிருக்கிறாய், மீதி எங்கே?" என்று கேட்டார். ஆந்திராவையும் மத்தியப் பிரதேசத்தையும் காட்டினேன். எழுத்தறிவு 59.1, 59.2. கோட்டின்படி இரண்டு இடத்திலும் 2.6 குழந்தைகள் இருக்க வேண்டும். ஆனால் ஆந்திராவில் 1.8, ம.பி.யில் 3.1. எழுத்தறிவால் சொல்ல முடியாத மீதி இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. உங்களை என்ன கேட்டார்கள்?

கரிசல்காட்டான்
0.49 என்றால் பாதி மாநிலங்களுக்குக் கோடு சரியாக வருகிறது, பாதிக்கு வரவில்லை என்று அர்த்தம். சமூக அறிவியலில் இது நல்ல நம்பர்தான். எங்கள் கைடு 0.7-க்குக் கீழே போனால் ஏற்கவே மாட்டார், அதுதான் அநியாயம்.

புள்ளியியல் வாத்தியார்
நல்ல நம்பர் என்பது சரி தம்பி, ஆனால் அது மாநிலங்களை எண்ணிச் சொல்வதில்லை. எழுத்தறிவே தெரியாமல் எல்லா மாநிலத்துக்கும் சராசரியான 2.3-ஐச் சொன்னால், தவறு ஏறக்குறைய 0.61 குழந்தை அளவில் இருக்கும். கோட்டை வைத்துச் சொன்னால் 0.45. தவறுகளின் வர்க்கத்தைக் கூட்டினால் பாதியாகிறது, அதுதான் 0.49. குழந்தைக் கணக்கில் பார்த்தால் தவறு கால்வாசிதான் குறைந்திருக்கிறது.

இன்னொன்று. கேரளாவை எடுத்துவிட்டுப் போட்டுப் பாரம்மா. சாய்வு -0.053 ஆகும், ஆர்-ஸ்கொயர் 0.55-க்கு ஏறும். கேரளத்தின் எழுத்தறிவு 92.1. உன் கோடு அங்கே 1.2 குழந்தை என்கிறது, உண்மையில் 1.8. தமிழ்நாட்டில் 73.4-க்கே 1.7 வந்துவிட்டது, அதற்கு மேல் எழுத்தறிவு கூடியும் கருவளம் இறங்கவில்லை. வலது பக்கம் தட்டையாகிற உறவை நேர்கோட்டால் பிடிக்க முடியாது. சிதறல் படத்தை முதலில் பார்த்தாலே இது தெரியும். கேரளாவை நீக்கச் சொல்லவில்லை, இரண்டு முடிவையும் போடு.

மூன்றாம் ஆண்டு பி.காம்.
நான் வகுப்புத் தோழர்களிடம் சர்வே எடுத்தேன், ஒரு நாளில் போன் பார்க்கும் நேரமும் செமஸ்டர் மார்க்கும். ஆர்-ஸ்கொயர் 0.04. தலைப்பையே மாற்று என்கிறார் கைடு. மாநில டேட்டாவுக்கு மாறினால் கூடுமா?

புள்ளியியல் வாத்தியார்
கூடலாம், ஆனால் கேள்வியே வேறாகிவிடும். மாநிலச் சராசரி எடுக்கும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கரைந்துபோகிறது. தனி ஆட்களை எடுத்தால் ஒருவர் மார்க்கில் தூக்கம், பள்ளிப் படிப்பு, வீட்டு நிலைமை எல்லாம் கலந்திருக்கும், 0.04 சகஜம். சாய்வையும் அதன் நிச்சயமின்மையையும் எழுதுங்கள், தலைப்பை மாற்ற வேண்டாம். 1950-இல் ராபின்சன் என்பவர் அமெரிக்க சென்சஸை வைத்துக் காட்டினார்: வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு, ஆனால் தனி ஆட்களாகப் பார்த்தால் அவர்களிடையேதான் எழுத்தறியாமை அதிகம். சாய்வின் குறியே திரும்பிவிட்டது.

கிராம சுகாதார செவிலியர்
நான் கணக்குப் படித்தவள் இல்லை. ஆந்திர எல்லையோரம் வேலை பார்த்தபோது, இரண்டு குழந்தை பிறந்ததும் இருபத்தைந்து வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களை நிறையப் பார்த்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் இருந்தார்கள். உங்கள் கோட்டுக்குக் கீழே ஆந்திரா நிற்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பொருளியல் மாணவி
அக்கா, கருத்தடை ஆபரேஷன் விகிதத்தை இரண்டாவது மாறியாகச் சேர்க்கப் போகிறேன். சார், ஒரு சந்தேகம். 2011 சென்சஸ்படி உத்தரப் பிரதேசத்தில் கிட்டத்தட்ட 20 கோடிப் பேர், ஹிமாச்சலில் 70 லட்சம்கூட இல்லை. என் படத்தில் இரண்டும் ஒரே அளவுப் புள்ளி. மக்கள்தொகைக்கு ஏற்ப எடை கொடுக்கணுமா?

புள்ளியியல் வாத்தியார்
மாநில அரசின் கொள்கையை ஆராய்ந்தால் வேண்டாம் என்பேன். இந்தியப் பெண்களைப் பற்றிப் பேசினால் வேண்டும்.

கரிசல்காட்டான்
இதில் எனக்கு உடன்பாடில்லை சார். எடை போட்டால் உ.பி., பீகார் இரண்டுமே கோட்டைத் தங்கள் பக்கம் இழுத்துவிடும்.