சப்ளையர் ஸ்கோர்கார்டு: வெள்ளிக்கிழமைக்குள் நான்கு சொற்கள் வேண்டும்

பூங்கோதை, கோவை

அனைவருக்கும் வணக்கம். பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கிடங்கு, கொள்முதல் பணியாளர்களுக்கான கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஓர் அட்டவணையில் நிற்கிறேன்.

வார்ப்புகள் அனுப்பும் பட்டறைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போடுகிறார்கள். கொள்முதல் பதிவுகளிலிருந்து மூன்று செய்திகளை எடுக்கிறார்கள்: சரக்கு கெடு தாண்டி வந்ததா, கேட்டதைவிடக் குறைவாக வந்ததா, சோதனையில் தள்ளப்பட்டதா. அந்த மூன்றுக்கும் தலைப்பு வேண்டும், முழு அட்டவணைக்கும் ஒரு பெயர் வேண்டும். சப்ளையர் என்றே விட்டுவிடலாம் என்றால், எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் சாம்பார் வாளிதான் நினைவுக்கு வருகிறது.

என் வரைவு: விநியோகஸ்தர் மதிப்பெண் அட்டை, தாமதம், பற்றாக்குறை, தள்ளுபடி. கடைசிச் சொல் எனக்கே உறுத்துகிறது. கட்டம் சிறியது, நீண்ட சொல் தாங்காது.

வேர்தேடி

அம்மையீர், விநியோகஸ்தர் என்பவர் செய்தவனிடம் வாங்கிப் பிறருக்குப் பிரித்துக் கொடுப்பவர். படப்பெட்டி ஊர் ஊராகப் போன காலத்துச் சொல். உங்கள் பட்டறைக்காரர் தானே வார்த்துத் தானே அனுப்புகிறார். அவர் வழங்குநர். 'வழங்குனர்' என்று றன்னகரம் போட்டுவிடாதீர்கள். பெறுநர், அனுப்புநர் போலத்தான் இதுவும். உறுப்பினரைக் காட்டி யாராவது வாதிட வந்தால் அதை உறுப்பு, இன், அர் என்று பிரித்துக் காட்டுங்கள், ஓடிவிடுவார்கள்.

ஸ்கோர் என்ற ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் கோலில் வெட்டிய கீறல். கணக்குக்காகக் கோலில் கீறினார்கள். நமக்கு அந்தக் கோல் வேண்டாம், கல்லே இருக்கிறது. 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்.' பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லைத்தான் வள்ளுவர் சொல்கிறார். ஒருவன் செய்த வேலையை வைத்தே அவனை மதிப்பிடு என்பதைத் தவிர உங்கள் அட்டவணை வேறென்ன சொல்கிறது? ஆகவே 'வழங்குநர் கட்டளை'.

குறைவாக வருவதற்கும் சொல் இருக்கிறது. பட்டினப்பாலை வணிகர்கள் 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' விற்றார்கள். அதிலிருந்து 'குறைகொடை'. பற்றாக்குறை அரிசிக்கும் தண்ணீருக்கும் வருவது. அனுப்பியவன் குறைத்து அனுப்பியதை அது சொல்லாது.

பொருநைக்கரையான்

ஐயா, கிடங்கில் 'வழங்குநர் கட்டளை' என்று தாள் ஒட்டினால், பட்டறைக்காரர் ஏதோ உத்தரவு போட்டிருக்கிறார் என்று நினைப்பார்கள். கொடை என்றால் எங்கள் நெல்லைப் பக்கம் சுடலைமாடனுக்கு நடப்பது. குறைகொடை என்றால் இந்த ஆண்டு வில்லுப்பாட்டு இல்லை என்று பொருள்.

தள்ளுபடி கூடவே கூடாது அம்மா. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆகலாம். கடைத்தெருவில் அது ஆடி மாதம். 'தள்ளுபடிச் சரக்கு' என்று எழுதிப் பாருங்கள், வாங்குவதற்கு ஆள் வரும்.

வடமராட்சியான்

எங்கள் பக்கத்தில் கொள்முதலைக் கொள்வனவு என்போம், அரச அலுவலகங்களில் பெறுகை என்றும் வரும். வழங்குநர் இங்கும் வழக்கில் உள்ளது, அதற்கு என் வாக்கு. மூன்றாவதற்கு நிராகரிப்பு போதும். வடசொல் என்று வேர்தேடி ஐயா முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கணக்கும் எளிது. திருப்பி அனுப்பிய சீட்டுகளைக் கூட்டினால் நிராகரித்தது எவ்வளவு என்று வந்துவிடும்.

கிடங்குக் கணக்கன்

முப்பது ஆண்டுகள் கொள்முதலிலும் கிடங்கிலும் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். சொல்லாய்வு எனக்கு வராது. ஆனால் வடமராட்சியான் தம்பி சொன்ன கணக்கு பாதிதான் சரி. தள்ளிய சரக்கெல்லாம் திரும்பிப் போவதில்லை. சிலவற்றை, துளை அரை மில்லி தள்ளியிருக்கிறது, போகட்டும் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்வார். சிலவற்றைப் பட்டறைக்காரரே ஆள் அனுப்பி இங்கேயே சரிசெய்து கொடுப்பார். இவற்றுக்குத் திருப்பிய சீட்டே கிடையாது. சீட்டை மட்டும் எண்ணினால் பட்டறை தங்கமாகத் தெரியும்.

பூங்கோதை அம்மா, சொல் தேடுமுன் உங்கள் தொழிற்சாலை எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். 500 பம்ப் உறை வார்ப்புகள், கெடு 11ஆம் தேதி திங்கள். சனிக்கிழமையே 420 வாயிலுக்கு வந்துவிட்டன. மீதி 80 வந்தது 21ஆம் தேதி. வந்ததும் நடந்த சோதனையில் 12 போயின. பிறகு கடைசல் எந்திரத்தில் ஏற்றியபோது உள்ளே காற்றுத் துளை தெரிந்து இன்னும் 6 போயின. ஆக 18.

தரத்துக்கு 50, நேரத்துக்கு 30, அளவுக்கு 20 என்று வைத்திருந்தோம். தரத்தில் சண்டை இல்லை: 500இல் 482 தேறியது, 48.2. சண்டை மற்ற இரண்டில். ஒருவர், கெடுவுக்குள் முழு ஆணையும் முடியவில்லை, ஆகவே நேரத்துக்குப் பூஜ்யம் என்றார். அளவுக்கு, கெடுவன்று இருந்த 420ஐ எடுத்து 16.8 போட்டார். மொத்தம் 65. இன்னொருவர், கெடுவுக்குள் வந்த 420க்கு நேரத்தில் பங்கு கொடுத்து 25.2 போட்டார், முடிவில் 500ம் வந்துவிட்டதால் அளவுக்கு முழு 20. மொத்தம் 93.4. அதே பட்டறை, அதே ஆணை. எங்களிடம் 70க்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம்.

முதல் ஆள் செய்த தவறு, வராத அந்த 80ஐ இரண்டு முறை தண்டித்தது. ஒருமுறை தாமதம் என்று, மறுமுறை குறைவு என்று. பிந்தி வந்தால் தாமதத்தில் மட்டும் எழுத வேண்டும். ஆணையை மூடும்வரை வராமலே போனால்தான் குறைவு. இதைத் தலைப்பிலேயே காட்டுகிற சொல் வேண்டும்.

தேதியும் அப்படித்தான். அந்த 420க்குக் கிடங்கில் வரவுச் சீட்டு போட்டது செவ்வாய்க்கிழமை, 12ஆம் தேதி. கணினியில் அந்தத் தேதியை எடுத்தால் 500மே தாமதம். வாயில் பதிவேட்டின் தேதியைத்தான் எடுக்க வேண்டும். ஓர் ஆணையில் ஒரே பொருள் என்றால், A ஆணை எண், C கெடு, D வாயில் தேதி, F எண்ணிக்கை என வைத்துக்கொண்டு, கெடுவுக்குள் வந்ததை இப்படிக் கூட்டலாம்:

```
=SUMIFS(F:F, A:A, A2, D:D, "<="&C2)
```

இன்னொன்று. கெடுவைத் தொலைபேசியில் மாற்றிவிட்டு ஆணையில் திருத்தாமல் விடுவார்கள். பட்டியலில் ஒரு பட்டறை திடீரென்று கீழே விழுந்தால், முதலில் அந்த ஆணைகளின் கடிதக்கட்டைப் புரட்டிப் பாருங்கள்.

பட்டறைவாசி

நான் அந்த அட்டவணையில் மதிப்பெண் வாங்குகிறவன். சிறு வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கன் ஐயா சொன்னதைப் படித்ததும் ஒரு வயிற்றெரிச்சல் கிளம்புகிறது. போன ஆண்டு ஒரு வாடிக்கையாளர், வார்ப்புக்கான மாதிரியச்சையே கெடுவுக்கு ஐந்து நாள் முன்புதான் கொடுத்தார். அட்டையில் எனக்குத் தாமதம். 'தாமதம்' என்று எழுதினாலே தாமதித்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிவிடுகிறது. 'கெடு தாண்டியது' என்று போடுங்கள். தாண்டியது சரக்கு. ஏன் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

குறைகொடையும் அப்படித்தான். நாங்கள் வார்ப்பைக் கிலோவில் விற்கிறோம், அவர்கள் எண்ணிக்கையில் வாங்குகிறார்கள். எடை சரியாக இருக்கும், எண்ணிக்கையில் இரண்டு உதைக்கும். அதற்குள் நான் குறைத்துக் கொடுத்தவன் ஆகிவிட்டேன்.

கடைசலில் ஏற்றிய பிறகு தள்ளுவதையும் கேட்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் கருத வேண்டும். நாற்பதாம் நாள் கண்ட துளைக்கு எப்படி மதிப்பெண் குறைப்பார்கள்?

கிடங்குக் கணக்கன்

தம்பி, அது உங்களுக்குப் பணம் வரவேண்டிய நாளைக் கணக்கிடுவதற்கான விதி. துளை நாற்பதாம் நாள் தெரிந்தாலும் வார்த்த அன்றே இருந்த துளைதான். அதைக் கண்டுபிடித்த மாதத்தில் எழுதாமல், அந்தச் சரக்கு வந்த வரவுச் சீட்டோடு சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் நன்றாக வார்த்த மாதத்தில் பழைய பாவம் வந்து விழும். மாதிரியச்சு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அந்த ஆணைகளை நாங்கள் கணக்கிலிருந்தே விலக்கிவைப்போம். எல்லா இடத்திலும் செய்வார்கள் என்று சொல்லமாட்டேன்.

வேர்தேடி

பட்டறைவாசியின் 'கெடு தாண்டியது' நல்ல தமிழ், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினைமுற்றைத் தலைப்பாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை. கலைச்சொல் பெயராக இருக்க வேண்டும்: 'கெடுமீறல்'. குறைகொடையைத் திரும்பப் பெறுகிறேன், மனமில்லாமல். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் 'குறைவரவு'. நிராகரிப்புக்கு 'ஏலாச் சரக்கு'.

பொருநைக்கரையான்

தாண்டியது வினையாலணையும் பெயராகவும் வருமே ஐயா. நன்னூலை நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு! ஏலாச் சரக்கு ஏலத்துக்கு வராத சரக்கு போல இருக்கிறது. ஏலக்காய் வணிகர்கள் வழக்குப் போடுவார்கள்.

வடமராட்சியான்

ஒரு நினைவூட்டல். ஐஎஸ்ஓ 9001 தரநெறியின் 2015 பதிப்பில் சப்ளையர் என்ற சொல்லையே மாற்றி 'வெளியிலிருந்து வழங்குபவர்' என்ற பொருளில் ஒரு தொடரை வைத்துவிட்டார்கள். ஆகவே புறவழங்குநர் என்று வைப்பதே பொருத்தம் அல்லவா?

பூங்கோதை, கோவை

புறவழங்குநர் கட்டத்தில் அடங்கவில்லை ஐயா, மன்னிக்கவும்.

நேற்றுத் தொழிற்சாலைக்கே போய்க் கேட்டேன். அளவைக் கெடுவன்று எடுக்கிறீர்களா, ஆணையை மூடும்போதா என்று கேட்டதும் கொள்முதல் மேலாளரும் கிடங்கு மேலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் வேறு வேறாக எடுத்துவந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் பேசி, மூடும்போது என்று முடிவு செய்தார்கள். வாயில் தேதியை எடுக்கக் கணினிக்காரர் ஒரு வாரம் கேட்டிருக்கிறார்.

தலைப்புகள் இப்போது: 'கெடு தாண்டியது', 'வராமலே போனது', 'ஏற்காதது'. குறைவரவு என்று போட்டால் பிந்தி வருவதையும் அதில் எழுதிவிடுவார்கள் என்று கிடங்குப் பையன் ஒருவரே சொன்னார். கையெழுத்துப் போட்டு ஏற்றவற்றுக்கு 'சலுகையில் ஏற்றது' என்று ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் குறைப்பதா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அட்டவணையின் பெயர்தான் பாக்கி. மதிப்பட்டை என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வேகமாகச் சொன்னால் பட்டை நாமம்தான் காதில் விழுகிறது. 'வழங்குநர் மதிப்பெண் அட்டை' என்றே அனுப்பிவிட்டேன். பணியாளர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 'ஓ, மார்க் ஷீட்' என்றார்கள்.

வேர்தேடி

'வராமலே போனது' கலைச்சொல் அல்ல, கடிதத்தில் எழுதும் புலம்பல். அடுத்த பதிப்பு எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.